'நாங்க'ன்னா யாரு? பிணங்கிய இரண்டு பேருக்கு எழுதிய இரண்டு செய்திகள்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் ஆறு பேர் கொண்ட சின்னக் குழு எங்களுடையது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் நேரம் ஒதுக்கிச் செய்கிற வேலை. அதில் இரண்டு பேர் பல வருடச் சிநேகிதிகள். ஒருவர் வாசிப்பார்; மற்றவர் அந்தப் பதிவை வெட்டி ஒட்டி, இரைச்சல் நீக்கி, வெளியிடுவார். வாசிப்பவர் நாற்பதைத் தாண்டியவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், நீங்க போட்டுத்தான் பேசுவேன். ஒலி பார்ப்பவர் என் வயது. நீ, வா, போடிதான். இந்த எழுத்தில் மூத்தவர், இளையவர் என்று சொல்லி, இரண்டு பேருக்கும் 'அவர்' போட்டே எழுதுகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

நடந்தது இதுதான். பதினான்காவது பாடம் வெளியாக வேண்டிய நாள். மாணவர்களுக்குத் தேர்வு இன்னும் இரண்டு நாளில். மூத்தவர் அனுப்பிய பதிவில் மூன்று பக்கங்களில் குரல் கரகரத்து உடைந்திருந்தது. இளையவர் அந்த மூன்று பக்கங்களையும் தன் குரலில் வாசித்துச் சேர்த்து வெளியிட்டுவிட்டார். மூத்தவருக்கு இது மறுநாள் காலை, எல்லோரையும் போலப் பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. அவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "இனிமே என் குரல் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்." கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று. பத்து நிமிடம் கழித்து இளையவரிடமிருந்து பதில் வந்தது. எழுத்தே இல்லை, தூக்கிய கட்டைவிரல் மட்டும்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. குழுவில் ஒருவர் எழுதினால் மற்றவர் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார். பதினைந்தாவது பாடம் பாதியில் கிடந்தது.

முதல் செய்தி

இருபத்துமூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். பொறுத்தேன் என்பதைவிட, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்பதுதான் சரி. ஃபிரிட்ஸ் ஹைடர் என்ற உளவியலாளர் 1946-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. எனக்குப் பிடித்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஆகாமல் போனால், அந்த முக்கோணத்தில் இறுக்கம் எனக்கும் சேர்த்துத்தான். அதைத் தளர்த்த இரண்டு வழி இருக்கிறது: அவர்களைச் சேர்த்து வைப்பது, இல்லையென்றால் ஒருவரைக் கைவிடுவது. நடுவில் புகுந்து சமாதானம் பேசுகிறவர்களின் அவசரத்தில் பாதி, தங்கள் மனப்பாரத்தை இறக்கி வைக்கிற அவசரம். என்னுடையதும் அதுவே. அந்த அவசரத்தில் ஒரு ராத்திரி இளையவருக்கு இப்படி எழுதினேன்:

"நடந்ததையெல்லாம் பார்த்துட்டுத்தான்டி இருக்கேன். ரெண்டு பேருமே நல்லவங்க, இது ஒரு சின்ன விஷயம். அக்காவும் ரொம்ப வருத்தப்படறாங்களாம். நீங்க சேரணும்னுதான் நாங்க எல்லாரும் ஆசைப்படறோம். ஒரு நாள் உக்காந்து பேசி முடிச்சிடலாமா?"

நாற்பது நிமிடம் கழித்து மூத்தவருக்கு:

"அக்கா, நீங்க பெரியவங்க. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவ ஏதோ அவசரத்துல பண்ணிட்டா. நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும். நாம ஒரு நாள் உக்காந்து பேசலாம்."

இரண்டையும் அனுப்பிய கையோடு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் தூங்கிப்போனேன். காலையில் இளையவரின் பதில்: "சின்ன விஷயமா? சரி. 'நாங்க'ன்னா யாரு?" மூத்தவரின் பதில் இன்னும் குட்டை: "முதல்ல அவகிட்ட பேசிட்டுத்தான் எனக்கு எழுதினியா?"

அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், இளையவர் என் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் இன்னொருவருக்கு அனுப்பி, "இதைப் பாரேன்" என்றிருக்கிறார். அவர் நல்லெண்ணத்தில் அதை மூத்தவருக்குக் காட்டிவிட்டார். மணி உட்பட எல்லாம் அதில் தெரியும். மூத்தவர் தனக்கு வந்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பிணக்கில் இருக்கிறவர்களுக்கு எழுதும் எதையும் மற்றவர் படிக்கத்தான் போகிறார் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது.

எந்த எழுத்தில் சாய்ந்தேன்

அந்த இரண்டு செய்திகளையும் அச்செடுத்து வைத்து, பிறகு பல நாள் பார்த்திருக்கிறேன். நான் யார் பக்கமும் பேச நினைக்கவே இல்லை, அது சத்தியம். ஆனால் நான் நினைப்பதற்கு முன்னாலேயே தமிழ் சாய்ந்துவிட்டது. நம் மொழியில் பக்கம் சாய்வதற்கு வாதம் வேண்டியதில்லை. ஒரு விகுதி போதும்.

'நாங்க' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். வேறு பல மொழிகளில் இந்த வித்தியாசமே கிடையாது. நமக்குக் குழந்தைக்குக்கூட அது தெரியும். "நாங்க எல்லாரும் ஆசைப்படறோம்" என்று இளையவருக்கு எழுதியபோது, அவரைத் தவிர்த்து மற்ற அனைவரும் ஒரு பக்கம் கூடி அவரைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்று ஆகிவிட்டது. உண்மையில் நான் யாரிடமும் பேசியிருக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். மூத்தவருக்கு எழுதியதில் 'நாம' வந்திருக்கிறது. ஒருவருக்கு நாங்க, இன்னொருவருக்கு நாம. இதைவிட வெளிப்படையாகப் பக்கம் பிரித்திருக்க முடியாது.

அடுத்தது 'வருத்தப்படறாங்களாம்'. அந்த 'ஆம்' இருக்கிறதே, அது கேள்விப்பட்டதைச் சொல்வதற்கான விகுதி. கூடவே லேசான நம்பாமையும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். "அவருக்குத் தலைவலியாம்" என்று சொல்லும்போது உதடு எப்படிக் கோணுகிறது என்று கவனித்தால் புரியும். மூத்தவரின் வருத்தத்தை நான் யாரிடமிருந்தோ கேட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது மாதிரியும், அதை நானே முழுசாக நம்பாதது மாதிரியும் ஒரே எழுத்தில் ஆயிற்று. அதற்கு முன்னால் இருக்கிற 'அக்காவும்' சாமர்த்தியமான 'உம்'. நீ வருத்தப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும், அவரும் அப்படியே என்று சமன் செய்யப் பார்க்கிறது. இளையவர் வருத்தப்படுகிறார் என்று யார் சொன்னார்கள்? அவர் கோபத்தில் இருந்தார்.

'நீங்கதான்' இருப்பதிலேயே கனமானது. "நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்பதில் தீர்ப்பும் தண்டனையும் சேர்ந்தே வந்துவிட்டன. பெரியவங்க என்று சொல்லி ஒருவர் தலையில் ஐஸ் வைப்பது மரியாதை மாதிரித் தெரியும். உண்மையில் வயதைக் காரணம் காட்டி அவருடைய நியாயத்தைப் பறிப்பது அது. "அவ ஏதோ அவசரத்துல பண்ணிட்டா" என்பதோ, இளையவர் செய்தது தப்பு என்று அவரைக் கேட்காமலே ஒப்புக்கொண்டது. ஆக ஒரே செய்தியில் மூத்தவரை விட்டுக்கொடுக்கச் சொன்னேன், இளையவரைக் குற்றவாளி ஆக்கினேன். இரண்டு பேரையும் சமமாகக் காயப்படுத்தினால் அது நடுநிலை ஆகிவிடாது.

'சின்ன விஷயம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு சொல்கிற உரிமை அடிபட்டவருக்குத்தான்.

எழுதாமல் இருந்த ஒன்பது நாள்

இரண்டு பேருக்கும் "மன்னிச்சுக்கோங்க, நான் சரியா எழுதலை" என்று மட்டும் அனுப்பிவிட்டு ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த செய்தியைக் காகிதத்தில் எழுதினேன். கைபேசியில் எழுதினால் விரல் தானாக அனுப்பிவிடும் என்ற பயம்.

முதலில் மாட்டியது நீ, நீங்க சிக்கல். ஒரே வரிகளை இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் ஒருவருக்கு நீங்க, இன்னொருவருக்கு நீ. இளையவரைத் திடீரென்று 'நீங்க' என்றால் கோபித்துக்கொண்டு விலகுகிற தொனி வந்துவிடும். மூத்தவரை 'நீ' என்று எழுதவே முடியாது. இதற்குத் தமிழே வழியும் வைத்திருக்கிறது. மரியாதைக்கும் பன்மைக்கும் நமக்கு ஒரே 'நீங்க'தானே. "உங்க ரெண்டு பேருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டால் அது யாரையும் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பெயரும் போட வேண்டாம். போட்டால் யார் பெயர் முதலில் என்ற இன்னொரு வம்பு. வாக்கியம் முழுவதையும் பன்மையிலேயே ஓட்டினால் அக்காவும் வேண்டாம், டியும் வேண்டாம்.

இப்படி இரண்டு பேரை ஒரே மூச்சில் விளிப்பது புதுசு இல்லை. புறநானூற்றின் 45-ஆம் பாட்டில் கோவூர் கிழார், சண்டைக்கு நின்ற நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்ற இரண்டு சோழர்களிடம் பேசுகிறார். உன் தலையில் இருப்பதும் ஆத்திமாலை, உன்னோடு போரிடுகிறவன் தலையில் இருப்பதும் ஆத்திமாலை. உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார். ஒருவரிடம் சொல்லும் வரியை அப்படியே மற்றவரிடமும் சொல்லலாம், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். அந்த உத்தியை எடுத்துக்கொண்டேன். ஆனால் போரை நிறுத்து என்று அவர் கேட்டமாதிரி நான் கேட்கக் கூடாது. அவர் வேலை போரை நிறுத்துவது. என் வேலை பேச ஒரு இடம் போட்டுக் கொடுப்பதோடு முடிந்தது.

அடுத்த கேள்வி, மூன்று பேர் கொண்ட புதுக் குழு தொடங்கி அதில் போடுவதா, தனித்தனியாகவா. குழு தொடங்கினால் ஒளிவுமறைவு இருக்காது. ஆனால் கேட்காமலே இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதாகிவிடும். ஒருவர் வெளியேறினால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணம். தனித்தனியாக, ஒரே நிமிடத்தில், அப்படி அனுப்புகிறேன் என்பதைச் செய்தியிலேயே சொல்லி அனுப்புவது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது செய்தி

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அனுப்பியது இது, முழுசாக:

"உங்க ரெண்டு பேருக்கும் இதே வரிகளை, ஒரே நேரத்துல, தனித்தனியா அனுப்பறேன். போன தடவை வேற வேற மாதிரி எழுதினேன். அது என் தப்பு.

பதினாலாவது பாடம் வெளியான மறுநாள்லேருந்து நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலைன்னு தெரியும். என்ன நடந்ததுன்னு எனக்கு முழுசாத் தெரியாது. யார் சரி, யார் தப்புன்னு நான் சொல்லப் போறதில்லை.

பேசணும்னு உங்களுக்குத் தோணினா, கூட இருந்து உதவ நான் தயார். முதல்ல ஒவ்வொருத்தர்கிட்டேயும் தனியா அரை மணி நேரம் கேட்பேன். அப்புறம் சேர்ந்து ஒரு மணி நேரம். தனியாச் சொல்றதை நான் அந்தப் பக்கம் கொண்டு போக மாட்டேன்.

பதிவு வேலை நிக்கக் கூடாதுங்கிற அக்கறை எனக்கும் உண்டு, அதை மறைக்கலை. ஆனா சேர்ந்து வேலை பார்க்கறதும் வேண்டாம்னு விடறதும் உங்க முடிவு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் காத்திருப்பேன். ரெண்டு பேரும் சரின்னா நேரம் பார்க்கலாம். இல்லைன்னா காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். இந்தப் பேச்சை நான் திரும்ப எடுக்க மாட்டேன்."

இதில் இல்லாத சொற்களைப் பாருங்கள். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை, சமாதானம் இல்லை. "பேசிக்கலை" என்பது மட்டும்தான், அது யார் கண்ணுக்கும் தெரிகிற விஷயம். சண்டை என்று எழுதியிருந்தால் "எனக்கு யாரோடயும் சண்டை இல்லையே" என்று ஒருவர் கதவை மூடியிருப்பார். சமாதானம் என்று எழுதியிருந்தால் முடிவை நானே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டியது மாதிரி ஆகியிருக்கும்.

அக்கறையைச் சொன்ன வரிக்கு நான் ரொம்ப யோசித்தேன். நான் நடுநிலையானவள் என்று ஒரு வரி எழுதி அடித்தேன். அது பொய். அந்தக் குழுவில் நானும் ஒருத்தி. வேலை நின்றால் எனக்கும் நஷ்டம். ஒருவர் பக்கமும் சாயாமல் இருப்பது வேறு, விவகாரத்தில் எந்தப் பங்கும் இல்லாமல் இருப்பது வேறு. நண்பர்கள் நடுவில் இரண்டாவது கிடைக்கவே கிடைக்காது. இருக்கிற பங்கை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு அவர்களே கண்டுபிடித்து "ஓ, அதுக்குத்தானா" என்று கேட்கிற நிலை வராது.

ஒரு வரியை மட்டும் கடைசி நேரத்தில் நீக்கினேன். "ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா, அது யாருன்னு மத்தவங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்று எழுதியிருந்தேன். நல்ல வாக்குறுதிதான், காப்பாற்ற முடியாது. இரண்டே பேர். தான் சரி என்று சொல்லியும் எதுவும் நடக்கவில்லை என்றால், வேண்டாம் என்றவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். இப்படிப்பட்ட செய்தியில் செய்ய முடியாததைச் சொல்வது, எதையும் சொல்லாததைவிட மோசம்.

பதில்கள்

இளையவர் நான்கு நிமிடத்தில் எழுதினார்: "சரி. ஆனா ஆரம்பிச்சது யாருன்னு உனக்கே தெரியும்." செய்தி எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதற்கு வரும் முதல் பதிலில்தான் ஆள் விழுவது வழக்கம். "ஆமா, தெரியும்" என்றால் போயிற்று. "அப்படியில்லடி" என்றாலும் போயிற்று. பதிலே போடாவிட்டால் அது ஆமாம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். நான் எழுதியது: "சரின்னு சொன்னதைப் பார்த்தேன். மத்ததை நேர்ல முழுசாக் கேட்கிறேன்." இதயப் பொம்மை, கட்டைவிரல், கைகூப்பு எதையும் போடவில்லை. பொம்மையால் வந்த வினையில் இன்னொரு பொம்மை எதற்கு.

மூத்தவர் படித்துவிட்டார், நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இல்லை. புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை இளையவர் கேட்டார்: "அவங்க என்ன சொன்னாங்க?" ஒருவர் கேட்கும் இந்தச் சாதாரணக் கேள்விக்குத்தான் எல்லோரும் தூதுவராக மாறுகிறோம். "ஞாயிறு வரைக்கும் யார் பதிலையும் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மூத்தவருக்கு "அக்கா, பார்த்தீங்களா?" என்று ஒரு வரி தட்டிவிட எனக்குக் கை அரித்தது. அதுவும் சாய்வுதான். சரி சொன்னவரின் பொறுமையின்மையை, இன்னும் சொல்லாதவர் மேல் ஏற்றுவது அது.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு மூத்தவர் எழுதினார்: "பேசலாம். மன்னிப்பு கேட்கச் சொன்னா வர மாட்டேன்." நான்: "யாரையும் எதையும் கேட்கச் சொல்ல மாட்டேன்."

தனியாகக் கேட்டது

தனிப் பேச்சில் நான் கேட்டவை நான்கே கேள்விகள். உங்கள் பக்கத்திலிருந்து என்ன நடந்தது? அதில் எது வலித்தது? அவருக்கு எது தெரிய வேண்டும்? எது தெரியக் கூடாது? நான்காவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் மற்ற மூன்றின் பதில்களும் நம் கையில் வெடிகுண்டு மாதிரி இருக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியாது. கேட்கும்போது "ம்" கொட்டலாம். "ஆமால்ல", "பின்னே", "அதானே" கூடாது. வாயில் பழகிப்போன இந்த மூன்றையும் அடக்குவதுதான் அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஆகப் பெரிய உழைப்பு.

இளையவர் சொன்னார்: வெளியிடுவதற்கு முன்னால் ராத்திரி 10:40-க்கு மூத்தவரை இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உடைந்த குரலோடு பதிவு போனால் அவருக்குத்தான் சங்கடம் என்று நினைத்தேன். காலையில் அந்தச் செய்தியைப் பார்த்ததும் எல்லார் முன்னாலும் அறைந்த மாதிரி இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் கட்டைவிரலைப் போட்டேன். தெரியக் கூடாதது என்ன என்றதற்குக் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: இந்த வேலையையே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

மூத்தவர் ரொம்ப நேரம் கட்டைவிரலைப் பற்றியே பேசினார். பிறகு, ஆறு மாதத்துக்கு முன்னால் மருத்துவர் அவருடைய குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் இருப்பதாகச் சொல்லி, குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். யாருக்கும் தெரியாது. தன் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்ற பயத்தில் இருக்கிறவருக்கு, தன் குரலின் இடத்தில் இன்னொரு குரல் கேட்டிருக்கிறது. "இனிமே என் குரல் தேவைப்படாது" என்றது குத்தல் இல்லை. அந்த மனுஷி அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

எழுத்தில் தொனி ஏறாது என்பதை நாம் ஒப்புக்கொள்வோம், ஆனால் நம் எழுத்தில் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கிண்டலாகவும் கிண்டல் இல்லாமலும் எழுதிய மின்னஞ்சல்களைப் படிப்பவர் சரியாகப் பிரித்தறிவார் என்று எழுதியவர்கள் மிகையாக நம்பினார்கள்; படித்தவர்களுக்கோ அது ஏறக்குறையக் காசைச் சுண்டிப் போட்டுச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. அதே சொற்களைக் குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். சேர்ந்து பேசுவது நேரிலோ குரலிலோதான் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது என் கையில் சாவி இருந்தது. முடிச்சைப் பற்றி இளையவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார். "அக்கா, இதை நீங்களே அவகிட்ட சொல்ல விருப்பமா?" என்று கேட்டேன். "வேண்டாம். பாவம் பார்த்து அவ வந்து பேச வேண்டாம்" என்றார். தனியாகச் சொல்றதை அந்தப் பக்கம் கொண்டு போக மாட்டேன் என்று எழுதியபோது, அது இவ்வளவு விலை உள்ள வரி என்று எனக்குத் தெரியாது. ஜாடையாகச் சொல்லலாமே, "அவங்களுக்கும் ஏதோ கஷ்டம் இருக்குடி" என்று மட்டும்? அதுவும் சொன்னதுதான். சொல்லவில்லை.

சேர்ந்து பேசியது

யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூத்தவர் இரண்டாவதாகப் பேச விரும்பினார், இளையவருக்கு எதுவானாலும் சரி. ஒருவர் ஐந்து நிமிடம் பேச, கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பதில் சொல்லக் கூடாது. முதல் சுற்றிலேயே இளையவர் "அவங்க என்னை..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தே பேசினார். என்னிடம் பேசுகிறவரை அது விசாரணை. நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பார்க்க ஆள் இல்லாததால் அவர் மூத்தவரைப் பார்த்தார்.

10:40 அழைப்புகளைப் பற்றி அவர் சொன்னதும் மூத்தவர் தன் கைபேசியை எடுத்து அந்தத் தேதிக்கு விரலால் தள்ளிக்கொண்டே போனார். ரொம்ப நேரம் தள்ளினார். சிவப்பில் இரண்டு வரிகள் இருந்தன. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் சத்தத்தை அணைச்சுட்டுப் படுத்திருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த நிமிடத்தை ஏதாவது சொல்லி நிரப்பாமல் இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம்.

கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. வேலைக்கு ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொண்டார்கள்: வாசித்தவரைக் கேட்காமல் குரலை மாற்றுவதில்லை, அவர் கிடைக்காவிட்டால் 24 மணி நேரம் பார்ப்பது, அவசரம் என்றால் உடைந்த குரலோடே வெளியிட்டுப் பிறகு திருத்துவது. கடைசி யோசனை மூத்தவருடையது. என் மனதிலும் அதேதான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. என் வாயிலிருந்து வந்திருந்தால் அது இளையவருக்குச் சாதகமான தீர்ப்பாகப் பட்டிருக்கும்.

இந்த மாதிரிச் செய்தியே எழுதக் கூடாத இடங்களும் உண்டு. அடி, மிரட்டல், வேவு பார்த்தல் என்று ஒருவர் இன்னொருவருக்குப் பயந்து ஒதுங்கியிருந்தால், சமமாக எழுதும் ஒவ்வொரு வரியும் மிரட்டுகிறவருக்குத்தான் துணை போகும். ஒருவர் இனி தொடர்பே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான். ஒருவரிடம் உங்களுக்குக் கடன் இருந்தாலோ, இவர்தான் சரி என்று மனதுக்குள் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தாலோ, நடுவில் உட்கார வேறு ஆள் பார்ப்பது நல்லது. முதல் செய்தியை எழுதிய ராத்திரி என்னை நானே கேட்டிருந்தால், எனக்குள் மூத்தவர் பக்கம் ஒரு சாய்வு இருந்ததை ஒப்புக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து மூத்தவர், தானாகவே, தொண்டை விஷயத்தைக் குழுவில் சொன்னார். வாசிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அன்று ராத்திரி இளையவர் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"உங்க ரெண்டு பேரையும் தனித்தனியாப் பார்த்தேனே, அப்போலேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல. நான் அவங்களை என்னெல்லாம் நினைச்சேன் தெரியுமா?"

நான் பதில் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் என்னோடு சரியாகவே பேசவில்லை. என் செய்திகளுக்கெல்லாம் கட்டைவிரல்தான் வந்தது. பிறகு ஒரு நாள் அவரே மறுபடி கூப்பிட்டு, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார்:

"நான் விட்டுட்டுப் போறதா இருந்தேனே. அதை அக்காகிட்ட சொன்னியா?"

"இல்லடி."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒரு வார்த்தைகூட."

"சரி," என்றார், "பதினெட்டாவது பாடம் ராத்திரிக்குள்ள அனுப்பறேன்."